தீபாவளிக்கு அவரை வீட்டுக்கு அழைக்கலாமா?

வாசகி கடிதம்

"எனக்கு 34 வயது. பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. விவாகரத்து முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இறுதித் தீர்ப்பும் கையில் இருக்கிறது. மகனுக்கு 8 வயது, தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. மகளுக்கு 4. பிள்ளைகள் என்னிடம்தான், என் அம்மாவும் எங்களோடு இருக்கிறார். அவர்களுடைய அப்பா பட்டர்வொர்த்தில் இருக்கிறார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை காலை அழைத்துப் போய், ஞாயிறு மாலை கொண்டுவந்து விடுவார்.

எட்டு மாதமாக ஒருவரோடு பழகுகிறேன். 38 வயது, திருமணம் ஆகாதவர், நல்ல மனிதர். கல்யாண எண்ணம் இருவருக்கும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது. போன வாரம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது மகன் 'யாரும்மா?' என்றான். 'ஆபீஸ்' என்று சொல்லிவிட்டேன். மகள் யாரோடும் ஒட்டிக்கொள்வாள், அவளைப் பற்றிக் கவலையில்லை. மகன்தான் அப்பா பிள்ளை.

தீபாவளிக்கு அவரை வரச் சொல்லி, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே அறிமுகம் செய்துவிடலாமா என்று பார்க்கிறேன். அம்மாவோ, 'சும்மா பழகிக்கொண்டிருக்காதே, சீக்கிரம் தாலியைக் கட்டிக்கொள், பிள்ளைகள் தானாக அப்பா என்று கூப்பிடும்' என்கிறார். வேலையிடத்துத் தோழி, 'உன் பழைய கணவருக்குத் தெரிந்தால் கோர்ட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பிடுங்கிவிடுவார்' என்று பயமுறுத்துகிறாள். என்ன செய்யட்டும்?"

ஆலோசகர் பதில்

சகோதரி, தோழி கிளப்பிவிட்ட பயத்தை முதலில் இறக்கிவைப்போம். அது தலைக்கு மேல் இருக்கும்வரை நீங்கள் எதையும் ஒளித்துத்தான் செய்வீர்கள். ஒளித்துச் செய்யும்போதுதான் பிள்ளைகள் விஷயம் கெட்டுப்போகிறது.

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என் மேசைக்கு அடிக்கடி வருவதால் சட்டம் என்ன சொல்கிறது என்பது தெரியும். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்படி, பராமரிப்பு யாரிடம் என்று முடிவு செய்யும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. 7 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்ற அனுமானம் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியல்ல என்று அப்பா வாதாடலாம், ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவருடையதுதான். மகளுக்கு இது பொருந்தும். மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். சொந்தமாகக் கருத்துச் சொல்லும் பக்குவம் இருக்கிறது என்று நீதிபதி நினைத்தால், அவன் விருப்பத்தையும் கேட்கலாம். பிள்ளைகள் ஒவ்வொருவரின் நலனையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

இருக்கிற உத்தரவை மாற்ற வேண்டுமானால், சூழ்நிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்று அப்பா காட்ட வேண்டும். அம்மா ஒருவரோடு பழகுகிறார் என்பது மட்டும் அதற்குப் போதாது. பிள்ளை பயப்படுகிறது, பள்ளிக்குப் போவது குறைந்துவிட்டது, வீட்டில் அடி விழுகிறது, முன்பின் தெரியாதவர் இரவில் தங்குகிறார், பிள்ளைகள் அவர் பொறுப்பில் தனியாக விடப்படுகிறார்கள் என்றெல்லாம் ஆகும்போதுதான் வழக்குக்கு உயிர் வரும். ஆகவே நிதானமாகப் போவது பிள்ளைகளுக்கு நல்லது, உங்கள் வழக்குக்கும் அதுதான் நல்லது. இரண்டு விஷயங்களை மட்டும் உங்கள் உத்தரவின் நகலை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். வசதி இல்லையென்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறை இருக்கிறது. ஒன்று, வெளியார் தங்குவது பற்றியோ பிள்ளைகளை அழைத்துப் போவது பற்றியோ உத்தரவில் தனி நிபந்தனை உண்டா என்பது. இரண்டாவது ஜீவனாம்சம். உங்களுக்கென்று ஏதாவது வாங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் மறுமணம் செய்தாலோ இன்னொருவரோடு குடும்பம் நடத்தினாலோ அந்த உரிமை நின்றுவிடும். பிள்ளைகளுக்கான தொகை வேறு. அது அப்பாவின் கடமை, உங்கள் மறுமணத்தால் நின்றுவிடாது.

இரண்டு பிள்ளைகள், இரண்டு வேகம்

மகளைப் பற்றிக் கவலை இல்லை என்கிறீர்கள். எனக்கு அவளைப் பற்றித்தான் கூடுதல் கவலை. நாலு வயதுப் பிள்ளை மூன்றாவது சந்திப்பிலேயே அவர் மடியில் போய் உட்காரும். அதைப் பார்த்து, "பார், எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டாள்" என்று பெரியவர்களுக்குத் தைரியம் வந்து அடுத்த மாதமே வீட்டில் வந்து தங்கிவிடுவார்கள். ஒருவேளை உறவு முறிந்தால் அந்தப் பிள்ளைக்கு இது இரண்டாவது இழப்பு. இந்த வயதில் காரணங்கள் புரியாது. நடப்பதெல்லாம் தன்னால்தான் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். "நான் பால் கொட்டினதாலதான் அங்கிள் வரலையா?" என்று கேட்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் ஒட்டிக்கொள்கிற பிள்ளை இருக்கிறதே என்பதற்காகத்தான் மெதுவாகப் போகச் சொல்கிறேன்.

மகன் கதை வேறு. எட்டு வயதில் பிள்ளைக்கு எல்லாம் புரியும், ஆனால் ஒரு நம்பிக்கையை மட்டும் யாரிடமும் சொல்லாது: அம்மாவும் அப்பாவும் மறுபடி சேர்ந்துவிடுவார்கள். விவாகரத்து ஆகிப் பல வருடங்கள் கழித்தும் இந்த எண்ணம் இருக்கும். புதிதாக ஒருவர் வந்து நின்றால், அந்தக் கதவு அவன் கண்முன்னே சாத்தப்படுகிறது. அதோடு, இந்த மனிதரோடு சிரித்துப் பேசினால் அப்பாவுக்குத் துரோகம் செய்கிறோமோ என்று ஒரு குறுகுறுப்பு. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அது அவருக்குக் காட்டுகிற அவமரியாதை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் பக்கம் நிற்கிறான், அவ்வளவுதான்.

ஆகவே அறிமுகத்துக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அப்பா வீட்டுக்குப் போகாத ஒரு வாரத்தில், காரில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, அதாவது முகத்துக்கு முகம் பார்க்க வேண்டாத ஒரு நேரத்தில், மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அம்மாவும் அப்பாவும் மறுபடி ஒரே வீட்டுல இருக்கப் போறதில்ல. அது உன்னாலயும் இல்ல, தங்கச்சியாலயும் இல்ல. அப்பா எப்பவும் உன் அப்பாதான்." அவன் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், வேறு பேச்சுக்குப் போகலாம். விட்டுவிடுங்கள். சில நாள் கழித்து அவனாகவே ஒரு கேள்வியோடு வருவான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த படி.

அப்புறம் அந்த "ஆபீஸ்". அதைத் திருத்தியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் உண்மை தெரியும்போது, அம்மா எப்போதெல்லாம் பொய் சொல்லியிருப்பாள் என்று அவன் திரும்பிப் போய்க் கணக்குப் பார்ப்பான். முழுக்கதையும் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயரைக் குமார் என்று வைத்துக்கொண்டால், "அன்னிக்கு ஆபீஸ்னு சொன்னேன்ல, அது சரியில்ல. குமார்னு ஒரு அங்கிள், அம்மாவோட நண்பர். அம்மாவுக்கு அவரோட பேசப் பிடிக்கும்" என்றால் போதும். காதலர், வருங்கால அப்பா என்பதெல்லாம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். நண்பர் என்பது பொய்யும் அல்ல. "நீங்க அவரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?" என்று கேட்டால், "இன்னும் முடிவு பண்ணல. முடிவு பண்ணினா உங்ககிட்ட சொல்லாம செய்ய மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள்.

"அப்பாகிட்ட சொல்லாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள்

இதுதான் நான் பார்க்கிற தவறுகளிலேயே அதிகம் சேதம் செய்வது. பூங்காவுக்குப் போய் வந்து, ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்து, "இது நமக்குள்ள, அப்பாகிட்ட சொல்லக் கூடாது, சரியா?" என்பார்கள். பெரியவர்களுக்கு அது ஒரு சின்னத் தற்காப்பு. பிள்ளைக்கு அது இரண்டு நாள் முழுக்க வயிற்றில் கட்டிக்கொண்டு திரிய வேண்டிய மூட்டை.

ஒருவரின் விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பெருநிலப்பகுதியிலிருந்து ஓர் அம்மா ஏழு வயது மகனை என்னிடம் அழைத்து வந்தார். அப்பா வீட்டுக்குப் போகிற சனிக்கிழமை காலைகளில் மட்டும் வயிற்று வலி. கிளினிக்கில் பார்த்தும் ஒன்றும் இல்லை. அப்பாவைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். பையனைப் படம் வரைய விட்டேன். காரின் பின்சீட்டில் ஒரு பையன், வாய் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடு. யார் என்று கேட்டால், "வாயைத் திறந்தா அம்மா அழுவாங்க." அங்கிள் வாங்கிக் கொடுத்த காலணியை அப்பா வீட்டுக்குப் போட்டுப் போகக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. அந்தக் காலணிதான் வயிற்று வலி. அம்மா அப்பாவுக்கு ஒரு செய்தி அனுப்பி, பையனிடம் "எதை வேணாலும் அப்பாகிட்ட சொல்லலாம்" என்று சொன்ன பிறகு சில வாரங்களில் வலி போய்விட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பெரியவர்களோடு ரகசியம் வைத்துக்கொள்வது சரிதான் என்று பிள்ளைக்கு நாமே கற்றுக் கொடுத்துவிட்டால், நாளைக்குக் கெட்ட எண்ணத்தோடு வருகிறவனும் அதே வார்த்தைகளைத்தான் பயன்படுத்துவான்.

ஆகவே முதல் சந்திப்புக்கு முன்னால் பிள்ளைகளின் அப்பாவுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்க வேண்டியதில்லை, தகவல் மட்டும். போனில் பேசினால் சண்டையாகும் என்றால் எழுத்தில் அனுப்புங்கள். பின்னால் ஆதாரமாகவும் இருக்கும். "நான் ஒருவரோடு பழகுகிறேன். அடுத்த வாரம் பிள்ளைகள் அவரைக் கொஞ்ச நேரம் சந்திப்பார்கள், நானும் கூட இருப்பேன். பிள்ளைகள் வாயால் நீங்கள் கேள்விப்படக் கூடாது என்று சொல்கிறேன். நீங்கள்தான் அவர்கள் அப்பா, அதில் மாற்றமில்லை." இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். கோபமாகப் பதில் வந்தால் அன்றைக்கே பதில் எழுதாதீர்கள். அடித்த வரலாறோ மிரட்டிய வரலாறோ இருந்தால் மட்டும் இந்தப் படியை வழக்கறிஞரோடு பேசிய பிறகு செய்யுங்கள்.

முதல் சந்திப்பு

எட்டு மாதம் பழகியிருக்கிறீர்கள், கல்யாணம் வரை பேசியிருக்கிறீர்கள். காலம் போதும். நாள் எது என்பதில்தான் கவனம் வேண்டும். அப்பா வீட்டிலிருந்து திரும்பி வரும் ஞாயிறு மாலை வேண்டவே வேண்டாம். அன்றைக்குப் பிள்ளைகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனத்தளவில் மாறிக்கொண்டிருப்பார்கள். அப்பாவோடு போகாத வாரத்தின் சனிக்கிழமை காலை நல்லது. பசியாறிவிட்டு, வெயில் ஏறுவதற்குள்.

இடம் உங்கள் வீடாக இருக்க வேண்டாம், அவர் வீடாகவும் இருக்க வேண்டாம். முன்பு குடும்பமாக அப்பாவோடு போன இடமும் கூடாது. தாவரவியல் பூங்கா பக்கம் இருக்கிற இளைஞர் பூங்கா மாதிரி ஓடி ஆட இடமும் ஊஞ்சலும் இருக்கிற இடம் போதும். செலவும் இல்லை. தெலுக் பஹாங் பக்கம் நாள் முழுக்க நீர் விளையாட்டு என்றெல்லாம் அவர் ஆசைப்படுவார். பாராட்டலாம், ஆனால் மறுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தப்பிக்க வழியில்லாமல் ஒரு புதியவரோடு இருப்பது மகனுக்குப் பெரிய சோதனை. ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனால் ஒன்றரை மணி நேரம். எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எல்லாம் நன்றாகப் போனாலும் அந்த நேரத்துக்குக் கிளம்புங்கள்.

அவர் தன் வண்டியில் தனியாக வந்து தனியாகப் போகட்டும். காரின் முன்சீட்டில் அவர் உட்கார்ந்தால், அங்கே முன்பு யார் உட்கார்ந்தார் என்பது மகனுக்கு உடனே ஞாபகம் வரும். பெரிய பரிசு வேண்டாம். ஒரு பந்து கொண்டு வரலாம், அதுவும் எல்லாரும் விளையாடத்தான். நீங்கள் இருவரும் கைகோர்ப்பது, தோளில் சாய்வது இவையெல்லாம் இந்த ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். "அங்கிளுக்கு முத்தம் கொடு, சலாம் சொல்லு" என்று பிள்ளைகளைத் தள்ளாதீர்கள். மகள் தானாகப் போய்க் கையைப் பிடித்தால் பிடிக்கட்டும். மகன் ஊஞ்சலை விட்டு இறங்கவே இல்லையென்றால் இறங்க வேண்டாம்.

அவரிடம் முன்பே ஒன்று சொல்லி வையுங்கள்: கேள்விகள் வேண்டாம். "எந்தப் பள்ளி? எத்தனாவது ரேங்க்? என்னவாகப் போற?" என்று வரிசையாகக் கேட்டால் பிள்ளை நேர்காணலுக்கு வந்தது போல உட்கார்ந்துவிடும். அவர் பாட்டுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் மகன் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து நிற்பான்.

வீட்டுக்குத் திரும்பியதும் "அங்கிளைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்கத் துடிக்கும். அது பிள்ளையிடம் ஓட்டுக் கேட்பது. பிடிக்கவில்லை என்றால் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? "இன்னிக்கு எது ஜாலியா இருந்துச்சு?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அன்றைய பாக்கி நேரம் நீங்களும் பிள்ளைகளும் மட்டும் இருங்கள். குளிப்பாட்டல், மைலோ, வீட்டுப்பாடம் என்று எல்லாம் வழக்கம் போல நடக்க வேண்டும். அம்மாவின் பங்கு குறையவில்லை என்பதைப் பிள்ளை இதில்தான் பார்க்கும்.

அடுத்த சந்திப்பு இரண்டு, மூன்று வாரம் கழித்து. இடையில் கவனியுங்கள். மகள் விட்டுவிட்ட படுக்கை நனைத்தலை மறுபடி ஆரம்பிக்கிறாளா, பாலர் பள்ளி வாசலில் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாளா? மகன் தூங்கும் நேரம் மாறுகிறதா, பள்ளி நாளில் வயிற்று வலி வருகிறதா, தங்கையை அதிகம் அடிக்கிறானா? பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: திடீரென்று ரொம்ப நல்ல பிள்ளையாகிவிடுவது. சொல்லாமலே பாத்திரம் கழுவி வைக்கிறான், எதையும் கேட்பதில்லை. அதுவும் பயம்தான், அம்மாவும் போய்விடுவாளோ என்கிற பயம். இதெல்லாம் ஒரு வாரம், இரண்டு வாரம் வந்து போனால் இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால், அல்லது ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் கூடிக்கொண்டே போனால், ஒரு படி பின்னுக்கு வாருங்கள். அவரைக் காணாமல் போகச் செய்யாதீர்கள். அது வேறு குழப்பம். மாதம் ஒரு முறை, அரை மணி நேரம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவும் தீபாவளியும்

தீபாவளி காலை வேண்டாம், சகோதரி. எண்ணெய் வைத்துக் குளித்து, புதுச் சட்டை போட்டு, பெரியவர்கள் காலில் விழுகிற நேரத்தில் அப்பா இருந்த இடத்தில் இன்னொருவர் நின்றால் மகனுக்கு அந்தப் பண்டிகையே கசந்துவிடும். அதோடு நம் சொந்தக்காரர்களை நமக்குத் தெரியும். "என்னடா, புது அப்பா வந்துட்டாரா?" என்று கன்னத்தைக் கிள்ளி ஒரு சித்தி கேட்டால் போதும், நீங்கள் மாதக்கணக்கில் செய்ததெல்லாம் வீண். அன்பாகத்தான் கேட்பார்கள், அதுதான் தொல்லை.

ஆனால் நம் நாட்டில் திறந்த இல்ல உபசரிப்பு என்று ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அதற்குள் இரண்டு மூன்று சந்திப்பு முடிந்திருந்தால், வேலையிடத்து நண்பர்கள் வரும் பிற்பகலில் அவரும் ஒருவராக வந்து, முறுக்கு தின்றுவிட்டு, மற்றவர்கள் கிளம்பும்போது அவரும் கிளம்பட்டும். யாருக்கும் தனி அறிவிப்பு வேண்டாம். பிள்ளைகள் அந்த வருடம் தீபாவளியில் அப்பாவோடு எவ்வளவு நேரம் இருக்கப் போகிறார்கள் என்பதையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

உங்கள் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்கள் என்பதை அவர்தான் தினமும் லிப்டில் சந்திக்கிறார். ஆனால் தாலி கட்டியதும் பிள்ளைக்கு அப்பா மாறிவிடுவதில்லை. மறுமணக் குடும்பம் ஒன்று ஓரளவு நிலைப்பட இரண்டு, மூன்று வருடம் பிடிக்கும் என்று இதை நீண்ட காலம் ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன்பே அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து முழுவதையும் சொல்லுங்கள். கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைகள் காதில் விழ "அப்பா" என்ற வார்த்தையை அவரோடு சேர்த்துப் பேச வேண்டாம். அவர்கள் அவரை அங்கிள் என்றே கூப்பிடட்டும். மாமா, சித்தப்பா என்று முறை வைத்தால், ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கிற மனிதர்களோடு பிள்ளை ஒப்பிடும். பின்னாளில் மகளே "அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தால் திருத்தவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம்.

அவர் செய்ய வேண்டியது

அவருக்குப் பிள்ளை வளர்த்த அனுபவம் இல்லை. மகன் முறைத்துப் பேசினால், "இப்பவே கண்டிக்காவிட்டால் பின்னால் மதிக்க மாட்டான்" என்று தோன்றும். இது தலைகீழ். மறுமணக் குடும்பங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் போன்றவர்கள் கண்டது, புதிதாக வருகிறவர் முதலில் நட்பாக இருந்து, கண்டிப்பைப் பிள்ளையின் சொந்தத் தாயிடமே விட்டுவைத்த வீடுகளில்தான் பிள்ளைகள் அவரை ஏற்றுக்கொண்டார்கள் என்பது. மகன் செருப்பை எறிந்தால் நீங்கள்தான் பேச வேண்டும். அவர் சொல்லக்கூடியது, "அம்மா சொன்னாங்கள்ல" என்பது வரை. ஒன்றிரண்டு வருடம் இப்படித்தான். கையை ஓங்குவது எப்போதும் கிடையாது.

பாதுகாப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவரைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, யார் வந்தாலும் வீட்டு விதி இதுதான். முதல் பல மாதங்களுக்குப் பிள்ளைகளை அவரோடு தனியாக விடாதீர்கள், உங்கள் ஷிப்ட் மாறிய நாளிலும்கூட. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூங்க வைப்பது நீங்களோ பாட்டியோ மட்டும். உங்களுக்குத் தெரியாமல் பிள்ளைக்குப் பரிசு, தனியாக வெளியே அழைத்துப் போக அவசரம், "அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்" என்கிற பேச்சு இவை தென்பட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் நிறுத்துங்கள். பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு பழக்கப்படுத்துவதே 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண் 15999 எந்த நேரமும் இயங்கும். நல்ல மனிதர் இந்த விதிகளைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார்.

பிறகு

பூங்கா, வெளியே சாப்பாடு, பிறகு வீட்டில் ஒரு மதிய உணவு, பிறகு ஒரு முழு நாள் என்று போகலாம். ஒவ்வொரு படிக்கும் இடையில் சில வாரங்கள். இரவில் தங்குவது கடைசிப் படி. கல்யாணம் முடிவாகும்வரை அது வேண்டாம் என்பேன். உங்கள் அம்மா நினைப்பதும் இந்த ஒரு விஷயத்தில் என் பக்கம்தான். வீடு மாறுவது, பள்ளி மாறுவது, கல்யாணம் மூன்றையும் ஒரே பள்ளி விடுமுறையில் முடித்துவிட நினைக்காதீர்கள்.

முடிவு எடுத்த பிறகு சொல்லும் வரிசை: முதலில் பிள்ளைகள், அன்றைக்கே அவர்களுடைய அப்பா, அப்புறம் மற்றவர்கள். பிள்ளைகளிடம் அனுமதி கேட்காதீர்கள், அது அவர்கள் தூக்க முடியாத பொறுப்பு. எது மாறும், எது மாறாது என்று சொல்லுங்கள்: யார் எங்கே படுப்பது, யார் பள்ளிக்கு அழைத்துப் போவது, அப்பாவோடு போகும் சனி ஞாயிறு அப்படியே இருக்கும் என்பது.

ஒருவேளை இந்த உறவு கல்யாணம் வரை போகாவிட்டால், அவர் சத்தமில்லாமல் வராமல் போய்விடக் கூடாது. "அம்மாவும் குமார் அங்கிளும் இனி சந்திக்கப் போறதில்ல. பெரியவங்க முடிவு, நீங்க ஒண்ணும் செய்யல" என்று அந்த வாரமே சொல்லிவிடுங்கள். மகள் பத்து முறை திரும்பக் கேட்பாள். பத்து முறையும் அதே பதிலைச் சொல்லுங்கள்.